ஒரே செல்லில் பல பதில்கள்: மற்ற விவரங்கள் கலையாமல் தனித்தனி வரிசைகளாகப் பிரிப்பது எப்படி?

கூகுள் படிவத்தில் "பொருந்துபவை அனைத்தையும் டிக் செய்யவும்" என்று ஒரு கேள்வி வைத்தால், ஒருவர் நான்கு கட்டங்களை டிக் செய்தாலும் அந்த நான்கும் ஷீட்டில் ஒரே செல்லுக்குள் கமா போட்டு வந்து உட்கார்ந்துவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். "எத்தனை பேர் உளுந்து போடுகிறார்கள்?" என்று எண்ணப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். "நெல், உளுந்து, எள்" என்பது எக்செல்லுக்கு மூன்று பதில்கள் அல்ல, ஒரே ஒரு பதில். "உளுந்து, நெல்" என்று வந்தால் அது வேறொரு பதில். இந்த நிலையில் பிவட் டேபிள் போட்டால் ஆளுக்கொரு வரிசையாக நீளும், எண்ணிக்கை எதுவும் தேறாது.

இதற்குத் தீர்வு, ஒரு பதிலுக்கு ஒரு வரிசை என்று பிரிப்பது. அப்படிப் பிரிக்கும்போது அந்த ஆளின் மற்ற விவரங்கள் ஒவ்வொரு வரிசையிலும் கூடவே வர வேண்டும். இதை எக்செல்லில் பவர் குவெரி கொண்டும், கூகுள் ஷீட்ஸில் ஒரு சூத்திரம் கொண்டும் செய்வது எப்படி என்று பார்ப்போம். பிரித்த பிறகு எதை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்பதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். பிரிப்பதை விட அங்கேதான் அதிகம் பேர் தவறான எண்ணை எடுத்து அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள்.

## நம் எடுத்துக்காட்டு

ஓர் ஊரில் விவசாயிகளிடம் என்னென்ன பயிர் போடுகிறீர்கள் என்று கேட்டு வாங்கிய பதில்கள் என்று வைத்துக்கொள்வோம். கையால் சரிபார்க்க வசதியாக ஐந்தே வரிசைகள்:

| எண் | தெரு | ஏக்கர் | பயிர்கள் |
|---|---|---|---|
| 1 | வடக்குத் தெரு | 3 | நெல், உளுந்து, எள் |
| 2 | கீழத் தெரு | 2 | நெல் |
| 3 | கீழத் தெரு | 5 | வாழை, நெல் |
| 4 | மேலத் தெரு | 1.5 | |
| 5 | மேலத் தெரு | 4 | கடலை, உளுந்து , வாழை |

நான்காவது ஆள் பயிர்க் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஐந்தாவது வரிசையில் "உளுந்து" என்பதற்கும் கமாவுக்கும் நடுவில் ஒரு தேவையில்லாத இடைவெளி இருக்கிறது. இரண்டையும் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். உண்மையான தரவில் இவை இல்லாமல் இருக்கவே இருக்காது.

முதல் நெடுவரிசையில் இருக்கும் "எண்" ரொம்ப முக்கியம். படிவத்திலிருந்து வரும் ஷீட்டில் இது இருக்காது, நீங்களே சேர்க்க வேண்டும். பிரித்த பிறகு "கீழத் தெரு, 5 ஏக்கர்" என்ற இரண்டு வரிசைகளைப் பார்த்தால், அது ஒரே ஆளா, இரண்டு ஆட்களா என்று தெரியாது. எண் இருந்தால் அந்தக் குழப்பமே வராது. பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள், ஒருவரே இரண்டு விதமாகப் பெயரை எழுதியிருப்பார். 1, 2 என்று தட்டி, கீழே இழுத்து நிரப்பிவிடுங்கள். மறக்காமல் பிரிப்பதற்கு முன்னால் செய்யுங்கள். பிரித்த பிறகு சேர்த்தால் அது பதிலுக்கான எண்ணாகிவிடும், ஆளுக்கான எண்ணாக இருக்காது.

## முதலில் விடையை அறிந்துகொள்ளுங்கள்

பிரித்து முடித்ததும் எத்தனை வரிசைகள் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஒரு செல்லில் இரண்டு கமா இருந்தால் மூன்று பதில்கள். ஆக, மொத்த வரிசைகள் = இப்போது இருக்கும் வரிசைகள் + மொத்தக் கமாக்கள். கமாக்களை எண்ணுவதற்கு, ஷீட்டில் ஒரு காலி இடத்தில் இதைப் போடுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும்:

```
=SUMPRODUCT(LEN(D2:D6)-LEN(SUBSTITUTE(D2:D6,",","")))
```

செல்லின் நீளத்திலிருந்து, கமாவை எடுத்துவிட்டால் இருக்கும் நீளத்தைக் கழிக்கிறது, அவ்வளவுதான். நம் எடுத்துக்காட்டில் 5 என்று வரும். ஏற்கெனவே இருக்கும் வரிசைகள் 5. எனவே பிரித்த பிறகு 10 வரிசைகள் வர வேண்டும். இந்த 10-ஐ ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, பதில்களை எது பிரிக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். கூகுள் படிவத்தோடு இணைந்த ஷீட்டில் கமாவும் அதை அடுத்து ஓர் இடைவெளியும் வரும். அதே படிவத்தின் பதில்களைப் படிவத்திலிருந்தே சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி வரும். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸும் அரைப்புள்ளிதான் போடும், கடைசிப் பதிலுக்குப் பின்னாலும் ஒன்று சேர்த்துவிடும். கையால் தட்டிய ஷீட்டில் `Alt+Enter` அடித்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருப்பார்கள். கண்ணால் பார்ப்பதை விட, ஒரு செல்லைச் சொடுக்கி மேலே உள்ள சூத்திரப் பட்டையில் பார்த்தால் சரியாகத் தெரியும்.

## செய்யக் கூடாத ஒன்று

எக்செல்லில் `Data` தாவலில் `Text to Columns` என்று ஒன்று இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் `Split text to columns`. புதியவர்கள் முதலில் போய் நிற்பது இங்கேதான். இவை பதில்களைக் கீழ்நோக்கிப் பிரிப்பதில்லை, வலப்பக்கமாகப் பக்கத்து நெடுவரிசைகளில் கொட்டுகின்றன. பக்கத்தில் ஏற்கெனவே தொலைபேசி எண்ணோ முகவரியோ இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. எக்செல் "ஏற்கெனவே தரவு இருக்கிறது, மாற்றவா?" என்று ஒரு முறை கேட்கும். அவசரத்தில் `OK` அடித்தால் போயிற்று.

பக்கத்தில் காலி இடம் விட்டுச் செய்தாலும் பயன் குறைவு. நெல் ஒருவருக்கு முதல் நெடுவரிசையிலும் இன்னொருவருக்கு இரண்டாவதிலும் இருக்கும். எண்ணுவதற்கு மறுபடி எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கும்.

## எக்செல்லில்: பவர் குவெரி

பவர் குவெரி என்பது எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் தனி அறை மாதிரி. நீங்கள் கொடுக்கும் அட்டவணையை அங்கே கொண்டுபோய் மாற்றி, முடிவை வேறொரு ஷீட்டில் வைக்கும். மூல அட்டவணையைத் தொடவே தொடாது. அதனால் பயமில்லாமல் செய்து பார்க்கலாம். எக்செல் 2016 முதல் இது உள்ளேயே வருகிறது. நீங்கள் வைத்திருப்பது கூகுள் ஷீட் என்றால் `File` → `Download` → `Microsoft Excel (.xlsx)` என்று இறக்கிக்கொண்டு இதைச் செய்யலாம்.

1. அட்டவணைக்குள் ஏதாவது ஒரு செல்லைச் சொடுக்கி `Ctrl+T` அழுத்துங்கள். `My table has headers` என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்த்து `OK` கொடுங்கள்.

2. `Data` தாவலில் `From Table/Range` என்பதைச் சொடுக்குங்கள். பவர் குவெரி தனி ஜன்னலாகத் திறக்கும். வலப்பக்கத்தில் `Applied Steps` என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அங்கே ஒரு படியாகப் பதிவாகும். தவறாகப் போனால் அந்தப் படிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியைச் சொடுக்கினால் அது மட்டும் நீங்கிவிடும்.

3. "பயிர்கள்" என்ற தலைப்பைச் சொடுக்கி அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள். `Home` தாவலில் `Split Column` → `By Delimiter`.

4. வரும் பெட்டியில் பிரிப்பானாக `Comma` தேர்ந்தெடுங்கள். `Each occurrence of the delimiter` என்பது தேர்வாகி இருக்க வேண்டும். அதற்குக் கீழே `Advanced options` என்று மூடியிருக்கும் பகுதியைத் திறங்கள். அங்கே `Split into` என்பதில் `Columns`, `Rows` என்று இரண்டு இருக்கும். `Rows` என்பதைத் தேர்ந்தெடுத்து `OK` அழுத்துங்கள்.

மொத்த விஷயமும் நான்காவது படியில் இருக்கும் அந்த ஒரு தேர்வில்தான் இருக்கிறது. மூடிய பகுதிக்குள் இருப்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை. `Alt+Enter` போட்டுப் பிரித்த செல்கள் என்றால், அதே பகுதியில் `Split using special characters` என்பதை டிக் செய்து `Line Feed` என்பதைச் சேர்க்க வேண்டும்.

5. இப்போது "பயிர்கள்" நெடுவரிசையில் ஒவ்வொரு பதிலும் தனி வரிசையாகி இருக்கும். எண், தெரு, ஏக்கர் மூன்றும் ஒவ்வொன்றிலும் கூடவே வந்திருக்கும். ஆனால் "உளுந்து" என்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் நாம் பிரித்தது கமாவில் மட்டும். அதை நீக்க, அந்த நெடுவரிசை தேர்வாகி இருக்கும்போதே `Transform` தாவலில் `Format` → `Trim`.

இந்த ஐந்தாவது படியை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு இரண்டும் "உளுந்து" என்றுதான் தெரியும், ஆனால் இடைவெளியோடு இருப்பதும் இல்லாததும் எக்செல்லுக்கு வெவ்வேறு. பிவட் டேபிளில் ஒரே பயிர் இரண்டு முறை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

6. ஜன்னலின் கீழ் இடது மூலையில் `4 columns, 10 rows` என்று காட்டும். தாளில் குறித்த 10 ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒத்துப்போனால் `Home` → `Close & Load`. புதிய ஷீட்டில் முடிவு வந்துவிடும்:

| எண் | தெரு | ஏக்கர் | பயிர்கள் |
|---|---|---|---|
| 1 | வடக்குத் தெரு | 3 | நெல் |
| 1 | வடக்குத் தெரு | 3 | உளுந்து |
| 1 | வடக்குத் தெரு | 3 | எள் |
| 2 | கீழத் தெரு | 2 | நெல் |
| 3 | கீழத் தெரு | 5 | வாழை |
| 3 | கீழத் தெரு | 5 | நெல் |
| 4 | மேலத் தெரு | 1.5 | |
| 5 | மேலத் தெரு | 4 | கடலை |
| 5 | மேலத் தெரு | 4 | உளுந்து |
| 5 | மேலத் தெரு | 4 | வாழை |

நான்காவது ஆள் காணாமல் போகவில்லை, பயிர் இல்லாமல் ஒரு வரிசையாக நிற்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் தரவு என்றால் நான்காவது படியில் கமாவுக்குப் பதில் `Semicolon`. கடைசியிலும் ஓர் அரைப்புள்ளி இருப்பதால் பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்று வரிசை கூடுதலாக வரும். அதை நீக்க, தலைப்பில் இருக்கும் வடிகட்டி அம்பைச் சொடுக்குங்கள். பட்டியலில் `(null)`, `(blank)` என்று இரண்டு இருக்கும். `(blank)` என்பது அந்தக் கடைசி அரைப்புள்ளியால் வந்தது, அதன் டிக்கை மட்டும் எடுங்கள். `(null)` என்பது பதிலே சொல்லாத ஆள், அவரை விட்டுவையுங்கள்.

புதிய பதில்கள் வந்தால் மூல அட்டவணையின் அடியில் சேர்த்துவிட்டு `Data` → `Refresh All` அழுத்தினால் போதும், எல்லாப் படிகளும் தானாக மறுபடி ஓடும். ஆனால் ஒன்று: முடிவு ஷீட்டில் கையால் செய்த திருத்தங்கள் அப்போது அழிந்துவிடும். எழுத்துப் பிழையைத் திருத்துவதென்றால் மூல அட்டவணையில் திருத்துங்கள்.

## கூகுள் ஷீட்ஸில்: ஒரு சூத்திரம்

கூகுள் ஷீட்ஸில் இதற்கு மெனு எதுவும் இல்லை. கீழே உள்ள சூத்திரத்தைக் காலியாக இருக்கும் ஒரு செல்லில் போட்டால் அதன் கீழும் வலப்பக்கமும் பத்து வரிசைகளும் விரியும்:

```
=ARRAYFORMULA(QUERY(SPLIT(FLATTEN(
  A2:A6&"|"&B2:B6&"|"&C2:C6&"|"&
  TRIM(SPLIT(IF(D2:D6="","பதில் இல்லை",D2:D6),","))
),"|",TRUE,FALSE),"where Col4 <> ''",0))
```

பார்க்க மிரட்டலாக இருக்கும். உள்ளிருந்து வெளியே படித்தால் எளிது. முதலில், காலியான செல்லில் "பதில் இல்லை" என்று வைத்துக்கொள்கிறது. பிறகு பயிர்களைக் கமாவில் பிரித்து வலப்பக்கமாகப் பரப்புகிறது, `TRIM` ஓரத்து இடைவெளிகளை நீக்குகிறது. ஒவ்வொரு பயிருக்கும் முன்னால் அந்த ஆளின் எண், தெரு, ஏக்கர் மூன்றையும் `|` குறியால் ஒட்டுகிறது. இப்போது "1|வடக்குத் தெரு|3|உளுந்து" போன்ற துண்டுகள் கிடைக்கும். `FLATTEN` அவற்றையெல்லாம் ஒரே நெடுவரிசையாகக் கீழே அடுக்கும். வெளியே இருக்கும் `SPLIT` அந்த `|` இருக்கும் இடங்களில் மறுபடி வெட்டி நான்கு நெடுவரிசைகளாக்கும். குறைவாகப் பதில் சொன்னவர்களுக்கு வலப்பக்கம் காலி இடங்கள் மிஞ்சுமல்லவா, அவற்றை `QUERY` கழித்துவிடும்.

`|` குறி உங்கள் தரவில் எங்கும் இல்லை என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வேறொரு அரிய குறியை வையுங்கள்.

இதில் சில இடங்களைக் கவனித்து எழுதியிருக்கிறேன். உள்ளே இருக்கும் `SPLIT`-இல் "," என்று கமா மட்டும் கொடுத்திருக்கிறேன். படிவம் கமாவும் இடைவெளியும் போடுகிறதே என்று ", " கொடுத்தால், `SPLIT` அதை "கமா அல்லது இடைவெளி" என்று எடுத்துக்கொள்ளும். "நாட்டு வாழை" என்று ஒரு பதில் இருந்தால் "நாட்டு" ஒரு வரிசை, "வாழை" இன்னொரு வரிசை என்று உடைத்துவிடும். பிரித்த பட்டியலில் பொருளில்லாத ஒற்றைச் சொற்கள் தெரிந்தால் இதுதான் காரணம்.

வெளியே இருக்கும் `SPLIT`-இன் கடைசியில் `FALSE` இருப்பதற்கும் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால், தெருவை நிரப்பாத ஆளுக்கு ஏக்கர் நகர்ந்து தெருவின் இடத்துக்கு வந்துவிடும், பயிர் ஏக்கரின் இடத்துக்கு வரும். ஒரு வரிசை மட்டும் இடதுபக்கம் தள்ளிப்போயிருப்பதைப் பார்த்தால் அந்த `FALSE` விடுபட்டிருக்கும்.

`QUERY`-க்கு ஒரு குணம் இருக்கிறது. ஒரு நெடுவரிசையில் எண்களும் எழுத்துகளும் கலந்திருந்தால், எது அதிகமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் காலியாக்கிவிடும். ஏக்கர் நெடுவரிசையில் எல்லோரும் 2, 3 என்று போட்டிருக்க, ஒருவர் மட்டும் "2 ஏக்கர்" என்று எழுதியிருந்தால் அவருடைய ஏக்கர் சத்தமில்லாமல் மறைந்துவிடும். சூத்திரம் போடும் முன் அந்த நெடுவரிசையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுங்கள்.

அதேபோல `SPLIT` எண் மாதிரி இருப்பதையெல்லாம் எண்ணாக மாற்றும். பூஜ்யத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யம் போய்விடும். அதனால் எல்லா நெடுவரிசைகளையும் இந்தச் சூத்திரத்தில் திணிக்க வேண்டாம். எண்ணையும் பயிரையும், கூடவே உடனடியாகத் தேவைப்படும் ஒன்றிரண்டையும் மட்டும் கொண்டுவாருங்கள். மற்றதை வேண்டும்போது எண்ணை வைத்து மூல அட்டவணையிலிருந்து `XLOOKUP` கொண்டு எடுத்துக்கொள்ளலாம். முதல் நெடுவரிசையில் எண் போடச் சொன்னது இதற்கும் உதவும்.

## பதிலுக்குள்ளேயே கமா இருந்தால்

படிவத்தில் "காய்கறி (கத்தரி, வெண்டை)" என்று ஒரு தேர்வு வைத்திருந்தீர்கள் என்று வையுங்கள். பிரிக்கும் கருவிக்கு அந்தக் கமாவும் ஒரு கமாதான். "காய்கறி (கத்தரி" என்று ஒன்று, "வெண்டை)" என்று இன்னொன்று வந்து நிற்கும். வரிசைக் கணக்கில் இது பிடிபடாது, ஏனென்றால் நம் 10-உம் அதே கமாக்களை எண்ணித்தான் வந்தது.

பிடிபடும் இடம் வேறு. பவர் குவெரியில் "பயிர்கள்" தலைப்பின் வடிகட்டி அம்பைச் சொடுக்கினால் தனித்த மதிப்புகளின் பட்டியல் வரும். கூகுள் ஷீட்ஸில் பயிர் நெடுவரிசை மேல் `=UNIQUE(...)` போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலையும் படிவத்தில் நீங்கள் வைத்த தேர்வுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தேர்வுகளில் இல்லாத ஒன்று பட்டியலில் இருந்தால் அது உடைந்த துண்டாக இருக்கும், அல்லது "மற்றவை" என்ற இடத்தில் யாராவது தட்டியதாக இருக்கும். அடைப்புக்குறி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், உடைந்ததுதான்.

சரிசெய்ய, பிரிப்பதற்கு முன்னால் அந்த முழுத் தேர்வையும் கமா இல்லாத வடிவமாக மாற்ற வேண்டும். பவர் குவெரியில், பிரிக்கும் படிக்கு முந்தைய படியை `Applied Steps`-இல் சொடுக்கி, "பயிர்கள்" நெடுவரிசையில் வலது சொடுக்கு → `Replace Values`. தேட வேண்டியது "காய்கறி (கத்தரி, வெண்டை)", மாற்ற வேண்டியது "காய்கறி". நடுவில் ஒரு படியைச் செருகவா என்று கேட்கும், `Insert` கொடுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஒரு நகல் ஷீட்டில் `Ctrl+H` கொண்டு இதையே செய்யலாம். இதைச் செய்தால் கமாக்கள் குறையும் என்பதால் வரிசைக் கணக்கையும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் படிவம் தயாரிக்கிறீர்கள் என்றால், தேர்வுகளுக்குள் கமாவே வைக்காமல் "கத்தரி / வெண்டை" என்று எழுதிவிடுங்கள்.

## பிரித்த பிறகு எண்ணுவது

பிரித்த அட்டவணையில் ஒரு வரிசை என்பது இனி ஓர் ஆள் அல்ல. ஓர் ஆளும் ஒரு பயிரும் சேர்ந்த இணை. இதை மறந்தால் வரும் விளைவைப் பார்ப்போம். மூல அட்டவணையில் ஏக்கரைக் கூட்டினால் 15.5. பிரித்த அட்டவணையில் கூட்டினால் 34.5. நிலம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. மூன்று பயிர் சொன்னவரின் 3 ஏக்கர் மூன்று முறை எண்ணப்படுகிறது, காரணம் அதுதான்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. பயிர்வாரியாக ஏக்கரைக் கூட்டினால் நெல்லுக்கு 10 வரும். அதை "10 ஏக்கரில் நெல்" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். உண்மையில் அது நெல் போடும் மூவரிடம் இருக்கும் மொத்த நிலம். அதில் நெல் எவ்வளவு, வாழை எவ்வளவு என்று படிவத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காத விவரத்தைப் பிரித்து எடுக்க முடியாது. ஆளுக்கு ஒரு முறை மட்டும் வரும் விவரம் எதுவாக இருந்தாலும், அது ஏக்கரோ வயதோ வருமானமோ, கூட்டலும் சராசரியும் மூல அட்டவணையிலேயே செய்யுங்கள். பிரித்த அட்டவணை பயிர்களை எண்ணுவதற்கு மட்டும்.

அந்த எண்ணிக்கைக்கு `Insert` → `PivotTable` போட்டு, "பயிர்கள்" என்பதை `Rows` பகுதிக்கும் "எண்" என்பதை `Values` பகுதிக்கும் இழுங்கள். "எண்" எண்களால் ஆனது என்பதால் எக்செல் அதைக் கூட்டி `Sum` காட்டும். அதன் மேல் சொடுக்கி `Value Field Settings`-இல் `Count` என்று மாற்றுங்கள். நெல் 3, உளுந்து 2, வாழை 2, எள் 1, கடலை 1, காலி 1, மொத்தம் 10 என்று வர வேண்டும்.

சதவீதம் போடும்போது எதால் வகுக்கிறோம் என்று பாருங்கள். பிவட் டேபிளை மொத்தத்தில் சதவீதம் காட்டச் சொன்னால் நெல்லுக்கு 30 வரும், அதாவது பத்து வரிசைகளில் மூன்று. யாருக்கும் அந்த எண் தேவையில்லை. கேட்பவர்கள் அறிய விரும்புவது "எத்தனை சதவீதம் பேர் நெல் போடுகிறார்கள்" என்பதைத்தான். பதில் சொன்னவர்கள் நான்கு பேர், அவர்களில் மூவர், ஆக 75 சதவீதம். இப்படிக் கணக்கிட்டால் உளுந்து 50, வாழை 50, எள் 25, கடலை 25 என்று மொத்தம் 225 வரும். ஒருவர் பல பயிர் போடலாம் என்பதால் நூறைத் தாண்டுவது சரிதான். அதே காரணத்தால் இதற்கு வட்ட விளக்கப்படம் பொருந்தாது, பட்டை விளக்கப்படம் போடுங்கள்.

ஆட்கள் யாரும் விடுபடவில்லை என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். கூகுள் ஷீட்ஸில் எண் நெடுவரிசை மேல் `COUNTUNIQUE`, புதிய எக்செல்லில் `ROWS(UNIQUE(...))`. நமக்கு 5 வர வேண்டும். 4 வந்தால், பதில் சொல்லாதவரை எங்கோ வடிகட்டிவிட்டீர்கள்.

## இரண்டு நெடுவரிசைகளில் பல பதில்கள் இருந்தால்

பயிர்களைப் போலவே "பாசன வசதி" என்ற கேள்வியிலும் "கிணறு, வாய்க்கால்" என்று இரண்டு பதில்கள் வந்திருக்கலாம். ஒரே அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளையும் அடுத்தடுத்துப் பிரித்தால், மூன்று பயிரும் இரண்டு பாசனமும் உள்ள ஒரே ஆளுக்கு ஆறு வரிசைகள் வரும். எள்ளுக்கு வாய்க்கால் பாய்கிறது என்று அவர் சொல்லவே இல்லை, ஆனால் அட்டவணையில் அப்படி ஒரு வரிசை இருக்கும். பயிர்களின் எண்ணிக்கையும் பாசனத்தால் பெருகிவிடும்.

அதனால் இரண்டு தனி அட்டவணைகளாகச் செய்யுங்கள். பிரிப்பதற்கு முன்னால் இருக்கும் குவெரியை அப்படியே வைத்து, இடப்பக்கப் பட்டியலில் அதன் மேல் வலது சொடுக்கி `Reference` என்பதை இரண்டு முறை கொடுங்கள். ஒன்றில் பயிர்களை மட்டும் பிரித்து, பாசன நெடுவரிசையை நீக்கிவிடுங்கள். மற்றதில் பாசனத்தைப் பிரித்து, பயிர்களை நீக்குங்கள். இரண்டிலும் "எண்" இருக்கட்டும். நெல் போடுபவர்களில் எத்தனை பேரிடம் கிணறு இருக்கிறது என்று பின்னால் யாராவது கேட்டால், பயிர் அட்டவணையில் நெல்லை வடிகட்டி வரும் எண்களைப் பாசன அட்டவணையில் கிணறு என்று வரும் எண்களோடு `COUNTIFS` கொண்டு ஒப்பிட்டு விடை சொல்லிவிடலாம்.